ஸ்லைடும் நோட்டும் ஒத்துப்போகாதபோது

"வணக்கம் அம்மா. கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர். ஊட்டியில் புவியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வளிமண்டல வெப்பநிலை பற்றிய பாடத்தை இரண்டு நாட்களாக நடத்திய எங்கள் ஆசிரியர் 34 ஸ்லைடுகள் கொடுத்திருக்கிறார். நான் வகுப்பில் எழுதியது ஐந்து பக்கம். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், மீதி அம்புக்குறியும் கிறுக்கலும். இரண்டையும் சேர்த்து ஒரே சுருக்கமாக எழுத உட்கார்ந்தால், ஒரே விஷயத்துக்கு ஸ்லைடில் ஓர் எண்ணும் நோட்டில் வேறோர் எண்ணும் இருக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்."

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களை இரண்டு மாலைகள் வைத்துப் பார்த்தேன். கல்லூரியில் இதே பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால், உங்கள் கிறுக்கலின் பின்னால் ஆசிரியர் என்ன சொல்லியிருப்பார் என்பதைப் பல இடங்களில் என்னால் கேட்க முடிந்தது. நோட்டில் நீங்கள் சிவப்பு மையால் வட்டமிட்ட ஏழு இடங்களில் நான்கில் ஸ்லைடும் நோட்டும் முரண்படவே இல்லை. ஒரே செய்தியை இரண்டு அளவுகளில் எழுதியதும், ஒரே எழுத்தை இரண்டு பொருளுக்குப் பயன்படுத்தியதும்தான் அங்கே முரண்போலத் தெரிகின்றன. மீதமுள்ள மூன்றும் மூன்று வகையானவை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகத் தீர்க்க வேண்டும். நீங்கள் இரண்டு முறையும் நேரே சுத்தப் பிரதி எழுதத் தொடங்கியதால், எழுதும் வேலையும் தீர்க்கும் வேலையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. இந்த முறை அவற்றைப் பிரித்துவிடுங்கள். சுத்தமான தாளைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும்.

முதல் வேலை, நோட்டின் ஒவ்வொரு வரியும் எந்த ஸ்லைடுக்கு உரியது என்று கண்டுபிடித்து, அந்த ஸ்லைடின் எண்ணை நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவது. முதல் வரியிலிருந்து வரிசையாகப் போகாதீர்கள். ஐயமே இல்லாத வரிகளை முதலில் பிடியுங்கள். ஒரு படத்தைப் பார்த்து வரைந்த வரி, ஓர் இடத்தின் பெயர் உள்ள வரி, வேறெங்கும் வராத ஒரு சொல் உள்ள வரி ஆகியவை நட்ட கற்களைப் போல அசையாமல் நிற்கும். உங்கள் நோட்டின் இரண்டாம் பக்கத்தில் பலூன் போன்ற ஒரு வட்டமும் அதன் மேல் பெரிய வட்டமும் இருக்கின்றன. அது ஸ்லைடு 12-இல் உள்ள, மேலெழும் காற்று விரிவதைக் காட்டும் படம். நான்காம் பக்கத்தில் தொட்டபெட்டா என்ற பெயர் இருக்கிறது. அது ஸ்லைடு 30. இப்படிப் பத்துக் கற்கள் நட்டுவிட்டால், அவற்றுக்கு இடையில் உள்ள வரிகள் பெரும்பாலும் தாமாகவே இடம் கண்டுகொள்ளும். எந்த ஸ்லைடிலும் பொருந்தாத வரி எஞ்சினால் அதன் ஓரத்தில் "வா" என்று எழுதுங்கள். ஆசிரியர் வாயால் மட்டும் சொன்னது என்று பொருள். அந்த "வா" வரிகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லைடுகளை எல்லா மாணவரும் வைத்திருக்கிறார்கள். இந்த வரிகள் வகுப்பில் கவனித்து உட்கார்ந்தவர்களிடம் மட்டுமே இருக்கும்.

எண்ணிட்டு முடித்ததும் மறுபக்கத்தையும் பாருங்கள்: நோட்டில் ஒரு வரிகூட இல்லாத ஸ்லைடுகள் எவை? உங்களுக்கு 21 முதல் 24 வரை வெற்றிடமாக இருக்கிறது. நோட்டில் முதல் நாள் தேதி ஸ்லைடு 20 உடன் முடிகிறது. இரண்டாம் நாள் தேதிக்குக் கீழே உள்ள முதல் வரியே ஸ்லைடு 25-ஐச் சேர்ந்தது. அன்று பேருந்து தாமதமாகி நீங்கள் வகுப்பின் நடுவில் நுழைந்திருக்கலாம் என்று ஊகிக்கிறேன். ஆசிரியர் அந்த நான்கு ஸ்லைடுகளையும் நடத்தாமல் தாண்டியிருந்தால் அது வேறு கதை. நீங்கள் இல்லாததால் ஏற்பட்ட வெற்றிடமும் ஆசிரியர் தாண்டியதால் ஏற்பட்ட வெற்றிடமும் நோட்டில் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் சுருக்கத்தில் அவை ஒன்றல்ல. தாண்டியதை ஒரு வரியில் முடிக்கலாம். தவறவிட்டதை வேறொருவரின் நோட்டிலிருந்து நிரப்பியாக வேண்டும். ஸ்லைடை மட்டும் வைத்து நிரப்பினால், அந்தப் பகுதியில் காரணங்களே இல்லாமல் வெறும் தலைப்புகள் நிற்கும்.

இரண்டாம் வேலையில்தான் உங்கள் சிவப்பு வட்டங்களில் பெரும்பாலானவை மறையும். ஒரு தனித் தாளில், இந்தப் பாடத்தில் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு சொல், ஒரே ஒரு குறியீடு, ஒரே ஓர் அளவு என்று முடிவுசெய்து எழுதுங்கள். அரைப் பக்கம் போதும். இது எவ்வளவு தூரம் உதவும் என்பதை உங்கள் நோட்டை வைத்தே காட்டுகிறேன். உயரம் கூடக்கூட வெப்பநிலை குறையும் வேகத்துக்கு உங்களிடம் நான்கு எண்கள் இருக்கின்றன. ஸ்லைடு 9-இல் 6.5, ஸ்லைடு 12-இல் 9.8, நோட்டில் ஓரிடத்தில் 2, இன்னோரிடத்தில் 1. நான்கும் வெவ்வேறு என்று நினைத்து வட்டமிட்டிருக்கிறீர்கள். அளவைப் பாருங்கள். ஸ்லைடுகள் கிலோமீட்டருக்கு எத்தனை டிகிரி செல்சியஸ் என்று சொல்கின்றன. நோட்டில் 2 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் "ஆயிரம் அடிக்கு" என்று இருக்கிறது. 1 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் "நூறு மீட்டருக்கு" என்று இருக்கிறது. ஆயிரம் அடி என்பது 304.8 மீட்டர். அந்தத் தூரத்துக்கு 2 டிகிரி என்றால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6.56 ஆகிறது, அது ஸ்லைடு 9-இன் 6.5 தான். நூறு மீட்டருக்கு 1 டிகிரி என்றால் கிலோமீட்டருக்கு 10; அது ஸ்லைடு 12-இன் 9.8-ஐ மனத்தில் நிறுத்துவதற்காக ஆசிரியர் முழு எண்ணாக்கிச் சொன்னது. நான்கு எண்கள் இரண்டாகிவிட்டன. இந்தச் சுருக்கத்துக்குக் கிலோமீட்டருக்கு டிகிரி செல்சியஸ் என்ற அளவையே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஸ்லைடில் உள்ள கணக்குகள் அந்த அளவில்தான் இருக்கின்றன.

குறியீட்டிலும் இதே குழப்பம் இருக்கிறது. சூழ்ந்திருக்கும் காற்றின் வெப்பக் குறைவு விகிதத்தை ஸ்லைடுகள் γ என்றும், மேலெழும் காற்றின் விகிதத்தை Γ என்றும் குறிக்கின்றன. ஆசிரியர் கரும்பலகையில் வேகமாக எழுதிய இரண்டும் உங்கள் கண்ணுக்கு ஆங்கில r போலத் தெரிந்திருக்கின்றன. நீங்களும் இரண்டையும் r என்றே எழுதிவிட்டீர்கள். அதே நோட்டில் மழையளவுக்கும் r என்று ஓரிடத்தில் இருக்கிறது. உங்களுடைய சிவப்பு வட்டங்களில் இரண்டு இந்த ஓர் எழுத்தால் வந்தவை. எந்த r எதைக் குறிக்கிறது என்று ஓரத்தில் நீங்கள் எழுதிய ஸ்லைடு எண்ணே சொல்லிவிடும். முதல் வேலையை முதலில் செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொற்களில் நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டியது "பனி" என்ற சொல். நம் மொழியில் புல் நுனியில் நிற்கும் ஈரமும் பனிதான், காலையில் சாலையை மறைப்பதும் பனிதான், தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதும் பனிதான். பேச்சில் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். உங்கள் நோட்டின் ஐந்தாம் பக்கத்தில் எல்லா இடத்திலும் "பனி" என்று மட்டுமே இருக்கிறது. ஸ்லைடு 27 உறைபனியைப் பற்றியது, ஸ்லைடு 29 மூடுபனியைப் பற்றியது. உருவாகும் விதமும் பாடத்தில் அவற்றுக்கு உள்ள இடமும் வேறு. சுருக்கத்தில் உறைபனி, மூடுபனி, பனித்துளி என்று முழுச் சொல்லாகவே எழுதுங்கள். வெறும் "பனி" என்ற சொல்லை அந்தச் சுருக்கம் முழுவதிலும் ஓரிடத்தில்கூடப் பயன்படுத்துவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உண்மையான முரண்களுக்கு வருவோம். முதலாவது, எஞ்சி நிற்கும் 6.5-உம் 9.8-உம். அளவை ஒன்றாக்கிய பிறகும் இவை ஒன்றாகவில்லை. நோட்டில் "கிலோமீட்டருக்கு 6.5 குறையும்" என்று ஒரு வரியும், அதற்குச் சற்றுக் கீழே "மேலே போனா 9.8 குறையும்" என்று இன்னொரு வரியும் இருக்கின்றன. எது குறையும்? எது மேலே போகும்? இரண்டு வரியிலும் எழுவாய் இல்லை. தமிழில் எழுவாயை விட்டுவிட்டும் வாக்கியம் முழுமையாக ஒலிப்பதால், வகுப்பறை வேகத்தில் முதலில் விழுவது அதுதான். சில நாள் கழித்துப் படிக்கும்போது, இரண்டு வேறு பொருள்களைப் பற்றிய இரண்டு உண்மைகள் ஒரே பொருளைப் பற்றிய சண்டைபோலத் தெரிகின்றன.

எழுவாயைத் திரும்ப வைத்துப் பாருங்கள். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டரிலும் உதகை நிலையம் 2,203 மீட்டரிலும் இருக்கின்றன. ஒரு வெப்பமானியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மலை ரயிலில் ஏறினால், வழியில் உள்ள நிலையங்களில் அங்கங்கே நிற்கும் காற்றை அளந்துகொண்டே போகிறீர்கள். 1,877 மீட்டர் ஏற்றத்துக்கு, கிலோமீட்டருக்கு 6.5 என்ற சராசரிப்படி, ஏறத்தாழ 12 டிகிரி குறையும். கீழே 30 என்றால் மேலே 18 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. இது சூழல் வெப்பக் குறைவு விகிதம். இது சராசரி மட்டுமே, நாளுக்கு நாள் மாறும். 9.8 என்பதோ பயணம் செய்யும் காற்றைப் பற்றியது. கீழே உள்ள ஒரு காற்றுத் திரள் மலைச்சரிவில் மோதி மேலெழுகிறது. மேலே அழுத்தம் குறைவு என்பதால் அது விரிகிறது. வெளியிலிருந்து வெப்பம் வாங்காமல் தன் ஆற்றலைச் செலவிட்டு விரிவதால் குளிர்கிறது. அந்தத் திரளில் நீராவி மேகமாகாத வரை அது கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி வீதம் குளிரும். ஆக, ஒரு வாக்கியத்துக்கு எழுவாய் "சூழ்ந்திருக்கும் காற்று", மற்றதற்கு "மேலெழும் காற்றுத் திரள்". இரண்டும் சுருக்கத்தில் இருக்க வேண்டும், அடுத்தடுத்து, எழுவாயோடு. ஒன்றை அடித்துவிட்டு மற்றதை வைத்திருந்தால், காற்று எப்போது தொடர்ந்து மேலெழும், எப்போது நின்றுவிடும் என்று இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுச் சொல்லும் ஸ்லைடு 19 உங்களுக்குப் புரியாமலே போயிருக்கும். நீங்கள் கிழித்த பிரதிகளில் ஒன்றில் 6.5-ஐ அடித்திருந்ததைப் படத்தில் பார்த்தேன். கிழித்தது நல்லதாயிற்று.

இரண்டாவது முரண் சிறியது, ஆனால் தேர்வில் மதிப்பெண்ணைத் தொடும். மேகம் உருவாகத் தொடங்கிய பிறகு மேலெழும் காற்று மெதுவாகக் குளிரும். ஸ்லைடு 15 அதற்குக் கிலோமீட்டருக்கு 5 டிகிரி என்கிறது. உங்கள் நோட்டில் 6 என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். இந்த விகிதம் ஒரே எண்ணாக நிற்பதில்லை. வெதுவெதுப்பான, நீராவி மிகுந்த காற்றில் குறைவாகவும், குளிர்ந்த காற்றில் அதிகமாகவும் இருக்கும். ஆகவே 5-உம் தவறில்லை, 6-உம் தவறில்லை. அடிக்கோட்டைப் பார்க்கும்போது, "கணக்குக்கு 6 என்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் அழுத்திச் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் இது உண்மை பற்றிய முரணே இல்லை, வழக்கம் பற்றியது. சுருக்கத்தில் "மாறக்கூடியது, ஸ்லைடு 15-இல் 5, கணக்குக்கு 6, ஆசிரியர் வகுப்பில் சொன்னது" என்று மூன்றையும் எழுதிவிடுங்கள். இங்கே ஒன்றைத் தேர்ந்து மற்றதை மறைப்பதுதான் தவறு. இதை ஆசிரியரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வதும் நல்லது, "சார், ஸ்லைடு 15-இல் 5 என்று இருக்கிறது, வகுப்பில் 6 என்று எழுதியிருக்கிறேன், கணக்குக்கு எதை எடுக்கட்டும்?" என்று ஸ்லைடு எண்ணோடு கேட்டால் அரை நிமிடத்தில் பதில் கிடைக்கும். "சார், ஒன்றும் புரியவில்லை" என்று போனால் அவருக்கும் எங்கே தொடங்குவதென்று தெரியாது.

மூன்றாவதில் நோட்டில் உண்மையாகவே தவறு இருக்கிறது. நீங்கள் வட்டமிடாத ஒன்றையும் சேர்த்தால் இப்படிப்பட்ட தவறுகள் உங்களிடம் இரண்டு உள்ளன, ஒன்று எளிது. தொட்டபெட்டாவின் உயரம் ஸ்லைடில் 2,637 மீட்டர், நோட்டில் 2,673. பக்கத்திலேயே, ஆசிரியர் பலகையில் எழுதியது போலும், 8,652 அடி என்று இருக்கிறது. அதை 0.3048-ஆல் பெருக்கினால் 2,637 வருகிறது. நோட்டில் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. எண்ணைக் காதால் கேட்டு எழுதும்போது இது அடிக்கடி நேரும். ஸ்லைடில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் எண்ணை ஏற்காமல், இப்படி மூன்றாவது சாட்சி ஒன்றைத் தேடுவது நல்லது. ஆசிரியர்கள் ஸ்லைடில் தட்டச்சு செய்யும்போதும் இலக்கங்கள் இடம் மாறும்.

மற்றது கவனமாகப் பார்க்க வேண்டியது. ஐந்தாம் பக்கத்தில் நீங்கள் எழுதியது அப்படியே: "தலைகீழ் – மேலே குளிர் – பனி மேலே – ராத்திரி வானம் தெளிவா, காத்து இல்லாம இருந்தா தான்." ஸ்லைடு 27-இன் படத்திலோ பள்ளத்தாக்கின் அடியில் நீல நிறமும் அதற்கு மேலே சரிவில் செந்நிறமும் இருக்கின்றன, அதாவது கீழே குளிர், மேலே அதைவிட வெப்பம். உங்கள் வரியின் முதல் பாதி தவறு என்பதற்குப் படமே சாட்சி. அதைவிட நம்பகமான சாட்சி நம் ஊர். மார்கழி, தை மாதங்களில் உதகையில் உறைபனி விழும் இடங்களை நினைத்துப் பாருங்கள்: தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம். எல்லாம் தாழ்ந்த, திறந்த வெளிகள். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவுகளில் வழிந்து கீழே தேங்குகிறது. வழக்கமாக மேலே போகப்போகக் குறைய வேண்டிய வெப்பநிலை, அந்த இரவுகளில் பள்ளத்திலிருந்து சில நூறு மீட்டர் வரை மேலே போகப்போகக் கூடுகிறது. அதனால்தான் அதற்கு வெப்பத் தலைகீழ் மாற்றம் என்று பெயர். நீங்கள் "தலைகீழ்" என்ற சொல்லைக் கேட்டதும், எது எதற்குத் தலைகீழ் என்று மனத்திலேயே முடிவுசெய்து எழுதியிருக்கிறீர்கள். வழக்கமான நிலை என்ன என்பதைச் சுருக்கத்தில் முதலில் எழுதாவிட்டால், படிக்கும்போது மறுபடியும் இதே இடத்தில் தடுமாறுவீர்கள்.

அந்த வரியை முழுவதுமாக அடித்துவிடாதீர்கள். பின்பாதியைப் பாருங்கள்: வானம் தெளிவாக இருக்க வேண்டும், காற்று வீசக் கூடாது. ஸ்லைடு 27-இல் இந்த இரண்டு நிபந்தனைகளும் இல்லவே இல்லை. படமும் தலைப்பும் மட்டுமே இருக்கின்றன. மேகம் இருந்தால் தரை இழக்கும் வெப்பத்தின் பெரும்பகுதி திரும்பி வரும், காற்று வீசினால் மேலும் கீழும் கலந்துவிடும் என்பதால் இந்த நிபந்தனைகள் இல்லாமல் விளக்கமே நிற்காது. ஒரே வரியில் பாதி தவறு, பாதி அந்தப் பக்கத்திலேயே மிகச் சிறந்த செய்தி. நான் மாணவியாக இருந்தபோது, ஸ்லைடு இல்லாத அந்தக் காலத்தில், அச்சடித்த பாடக் குறிப்பையும் என் நோட்டையும் இப்படிச் சேர்த்தேன். முரண்பட்ட வரிகளை எல்லாம் நோட்டிலிருந்து முழுசாக நீக்கிவிட்டு, பழைய நோட்டையும் எடைக்குப் போட்டுவிட்டேன். தேர்வில் ஒரு நிகழ்வுக்கான நிபந்தனைகளைக் கேட்டிருந்தார்கள். அவை நான் நீக்கிய வரிகளின் மறுபாதியில் இருந்தவை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. ஆகவே வரியை வரியாக ஏற்கவோ தள்ளவோ வேண்டாம். ஒரு வரியில் எத்தனை கூற்றுகள் இருக்கின்றனவோ அத்தனையாக உடைத்து, ஒவ்வொன்றையும் தனியே சோதியுங்கள். சுருக்கம் முடிந்த பிறகும் பழைய ஐந்து பக்கங்களை அதன் பின்னால் பின் செய்து வையுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு சுத்தமான தாளை எடுங்கள். ஸ்லைடின் வரிசையிலும் எழுத வேண்டாம், நோட்டின் வரிசையிலும் எழுத வேண்டாம். ஸ்லைடின் வரிசை திரையில் காட்டுவதற்காக அமைந்தது. ஒரே கருத்து மூன்று ஸ்லைடுகளில் சிதறியிருக்கும். இந்தப் பாடம் பதில் சொல்லும் கேள்விகள் நான்கு: சூழ்ந்த காற்று உயரத்தோடு எப்படி மாறுகிறது, மேலெழும் காற்று எப்படிக் குளிர்கிறது, இரண்டையும் ஒப்பிட்டால் என்ன தெரிகிறது, எப்போது இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிரண்டு பத்திகள். பத்தியின் ஓரத்தில் ஸ்லைடு எண்ணும், வாய்மொழியாக வந்ததற்கு "வா" என்ற குறியும் இருக்கட்டும். தோழியின் நோட்டிலிருந்தோ பாடநூலிலிருந்தோ எடுத்ததற்கு வேறொரு குறி இடுங்கள். நான்காம் கேள்விக்கு உங்கள் பொருளை வைத்தே ஒரு பத்தி எழுதிக் காட்டுகிறேன்:

"வழக்கமாகச் சூழ்ந்த காற்றின் வெப்பநிலை உயரத்தோடு குறையும் (γ, சராசரி 6.5, ஸ்லைடு 9). தெளிந்த வானமும் காற்றசைவின்மையும் உள்ள நீண்ட குளிர்கால இரவுகளில் (வா) தரை வேகமாக வெப்பம் இழக்கிறது. அதையொட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது (ஸ்லைடு 27). அப்போது பள்ளத்தாக்கின் அடியைவிட அதன் சரிவு வெப்பமாக இருக்கும். இது வெப்பத் தலைகீழ் மாற்றம். உறைபனி தாழ்ந்த திறந்த வெளிகளில் விழுவது இதனால்தான், எடுத்துக்காட்டு: தலைக்குந்தா."

இரண்டு ஸ்லைடுகளும் ஒன்றரை வரி நோட்டும் சேர்ந்து இப்படி ஒரு பத்தியாகியிருக்கின்றன. எந்த வாக்கியத்திலும் எழுவாய் விடுபடவில்லை. ஒவ்வொரு பொருளும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகிறது. உங்கள் 34 ஸ்லைடும் ஐந்து பக்கமும் இந்த அடர்த்தியில் எழுதினால் மூன்று பக்கத்துக்குள் அடங்கும். ஆறு பக்கத்தைத் தாண்டினால், ஸ்லைடில் உள்ளதையே நோட்டின் சொற்களிலும் ஒருமுறை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

சுருக்கம் சரியாக இருக்கிறதா என்று அறிய, அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஸ்லைடு 18-இல் உள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள். 300 மீட்டரில் 30 டிகிரியில் உள்ள காற்று மலையில் ஏறுகிறது. 1,300 மீட்டரில் மேகம் உருவாகிறது. 2,300 மீட்டர் உச்சியைக் கடந்து மறுபக்கம் 300 மீட்டருக்கு இறங்குகிறது. முதல் ஆயிரம் மீட்டருக்கு 9.8 குறைந்து 20.2 ஆகும். அங்கிருந்து மேகத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கு 6 குறைந்து 14.2 ஆகும். மழையை ஏறும் பக்கத்திலேயே கொட்டிவிட்டு உலர்ந்து இறங்கும்போது 2,000 மீட்டருக்கும் 9.8 வீதம் சூடேறி 33.8 டிகிரியில் அடியை அடையும். ஸ்லைடில் விடை 34.8 என்று இருக்கிறது. அவர்கள் 5 என்று எடுத்ததால் வந்த ஒரு டிகிரி வேறுபாடு அது, கணக்குப் பிழை இல்லை. இப்போது உங்கள் நோட்டை மட்டும் வைத்து இதே கணக்கைப் போட முயன்றால், 1,300 மீட்டரில் எண்ணை மாற்ற வேண்டும் என்பதே தெரியாது. மேகம் தொடங்கும் உயரத்தைப் பற்றிய வரி அதில் இல்லை. ஸ்லைடை மட்டும் வைத்துப் போட்டால் எண் மாறும் இடம் தெரியும், ஏன் மெதுவாகக் குளிர்கிறது என்பது தெரியாது. உங்கள் நோட்டில்தான் "மேகம் ஆனா உள்ள இருந்த சூடு திரும்ப வரும்" என்று அழகாக இருக்கிறது. நீராவி நீராகும்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பம் அது. சுருக்கத்தை வைத்துப் போடும்போது எங்கேயாவது ஸ்லைடைத் திறக்க வேண்டியிருந்தால், அந்த இடத்தில்தான் ஒரு வாக்கியம் குறைகிறது. அதைச் சேர்த்துவிட்டு மறுநாள் மீண்டும் போடுங்கள்.

வட்டங்களுக்கு வெளியே, உங்கள் நோட்டில் என்னால் தீர்க்க முடியாதது ஒன்று உண்டு: மூன்றாம் பக்கத்தின் அடியில், பாதி நனைந்துபோன வரியில், ஒரு கேள்விக்குறியும் "கூடலூர் பக்கம்" என்ற சொற்களும் மட்டும் தெரிகின்றன. ஏறும் பக்கத்தில் மழை என்பதற்கு ஆசிரியர் தென்மேற்குப் பருவக்காற்றை எடுத்துக்காட்டியிருக்கலாம்; ஆனால் அது என் ஊகம், அவர் சொன்னதாக உங்கள் சுருக்கத்தில் ஏறக் கூடாது. அந்த இடத்தில் ஒரு கோடு வெற்றாக விட்டுவிட்டு, 21 முதல் 24 வரையிலான ஸ்லைடுகளுக்காகத் தோழியின் நோட்டை வாங்கும்போது இந்த வரியையும் பார்த்துவிடுங்கள். அவரும் எழுதவில்லை என்றால், 5-ஆ 6-ஆ என்று கேட்கப் போகும்போதே இதையும் ஆசிரியரிடம் கேளுங்கள்.